வீட்டில் பேசும் தமிழ் போதாது: இரண்டாம் மொழித் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராவது எப்படி

ஆங்கில வழிப் பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாக எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "வீட்டில் நல்லாத்தான் தமிழ் பேசுறான் மிஸ், ஆனா வாய்மொழித் தேர்வுல மார்க் வரமாட்டேங்குது." பல வருடங்களாக நான் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இரண்டாம் மொழித் தமிழ் எடுத்து வருகிறேன். என் அனுபவத்தில் இந்தக் குறை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. நாம் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சாகியிருக்கிற தமிழ் வேறு, பிள்ளை இரண்டாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறதே தவிர வாயால் சொல்லிப் பழகவே இல்லை. எழுத்துத் தேர்வில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே வாய்க்கு வேலை இல்லை. வாய்மொழித் தேர்வில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேற்று மாநிலத்திலிருந்து சென்னைக்கு வந்த குடும்பங்களுக்கும் இது இப்போது தேவைப்படுகிறது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்த பிறகு, வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுகிற பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி வரும், அதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் பள்ளி டைரியை எடுத்துப் பாருங்கள். கீழ் வகுப்புகளில் வாய்மொழித் தேர்வை எப்படி நடத்துவது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்தப் பள்ளியே முடிவு செய்துகொள்கிறது. ஆனால் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும்: ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பது, செய்யுளோ திருக்குறளோ ஒப்புவிப்பது, ஆசிரியர் கேட்கும் குறுவினாக்களுக்கு உடனே பதில் சொல்வது. வாசிக்கத் தரும் பத்தி பாடப்புத்தகத்திலிருந்து வருமா, இல்லை பிள்ளை பார்த்திராத புதுப் பத்தியா என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் பயிற்சியே மாறும். பத்து நாள், நாளுக்கு இருபது நிமிடம் இருந்தால் போதும்.

வாசிப்பு: முதலில் என்ன குறை என்று கண்டுபிடியுங்கள்

பத்து நாளில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள். ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், போன பருவத் தேர்வுக்கு முன்னால் அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த பத்தி இது:

"மழை நின்றதும் குளத்தங்கரையில் இருந்த ஆலமரத்தின் கிளையில் ஒரு கொக்கு வந்து அமர்ந்தது. அது நெடுநேரம் அசையாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்தபோது கழுத்தை நீட்டிப் பிடித்தது."

அவன் வாசித்ததில் மூன்று இடங்கள் கவனிக்க வேண்டியவை. 'நின்றதும்' என்பதை 'நின்னதும்' என்றான். 'குளத்தங்கரையில்' என்பதைக் 'குளத்... தங்... கரையில்' என்று மூன்று துண்டாக்கினான். 'பார்த்துக்கொண்டிருந்தது' என்பது அவன் வாயில் 'பாத்துக்கிட்டிருந்தது' ஆகிவிட்டது.

பார்க்க மூன்றும் ஒரே மாதிரித் தப்பு போலத் தெரியும், ஆனால் காரணம் வேறு வேறு. 'நின்னதும்', 'பாத்துக்கிட்டிருந்தது' என்று சொல்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், பொருளும் புரிகிறது, கண் பொருளை எடுத்துக்கொள்கிறது, வாய் அதைத் தெரிந்த தமிழில் சொல்லிவிடுகிறது. துண்டு துண்டாக வாசிக்கிற பிள்ளை எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, பொருள் இன்னும் மண்டைக்குள் போகவில்லை. முதல் வகைப் பிள்ளைக்கு வேகத்தைக் குறைத்து, சொல்லின் கடைசிப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகைக்கு, வாசிப்பதற்கு முன்பே பத்தியின் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அடுத்து என்ன சொல் வரும் என்று அதற்கு ஒரு ஊகம் இருக்கும். வேற்று மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் வருவார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தால் பத்து நாளும் வீணாகும்.

இன்னொரு வகையும் உண்டு, இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பத்தியை அம்மா நாலு தடவை வாசித்துக் காட்டியிருப்பார், பிள்ளை காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டிருக்கும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்குதடையின்றி ஒப்பிக்கும். மூன்றாவது வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். அங்கே தடுமாறினால் அது வாசிப்பில்லை. அதனால் நீங்கள் முதலில் வாசித்துக் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பிள்ளை வாசித்த பிறகு வேண்டுமானால் வாசித்துக் காட்டலாம்.

நீளச் சொல்லும் மூச்சும்

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும், அதுவும் நீளமாக வரும். பிள்ளைக்கு அங்கே வரும்போது மூச்சு தீர்ந்துபோயிருக்கும். இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, நீளச் சொல்லைப் பின்னாலிருந்து கட்டுவது. 'பார்த்துக்கொண்டிருந்தது' என்பதை முன்னாலிருந்து எழுத்துக் கூட்டினால் பாதியிலேயே திக்கும். முதலில் 'இருந்தது' என்று மூன்று தடவை சொல்லட்டும். அப்புறம் 'கொண்டிருந்தது'. அப்புறம் முழுச்சொல். இப்படிச் செய்தால் சொல்லின் வால் நாக்குக்குப் பழகிப்போயிருக்கும், பிள்ளை தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கிப் போகிறது, அதனால் கடைசியில் குரல் தேயாது. அடுத்து 'பேசிக்கொண்டிருந்தது', 'நடந்துகொண்டிருந்தது' என்று எது வந்தாலும் அதே வால்தான்.

இரண்டு, பென்சிலால் கோடு போடுவது. மேலே உள்ள முதல் வாக்கியத்தை நான் இப்படிப் பிரித்துக் கொடுத்தேன்: மழை நின்றதும் / குளத்தங்கரையில் இருந்த ஆலமரத்தின் கிளையில் / ஒரு கொக்கு வந்து அமர்ந்தது. மூன்று மூச்சு. 'நின்றதும்', 'வந்தபோது' மாதிரி ஒரு செயல் முடிகிற இடத்தில் நிற்கலாம். 'இருந்த' என்பதற்கும் 'ஆலமரத்தின்' என்பதற்கும் நடுவில் நிற்கக் கூடாது, 'ஒரு' என்று சொல்லிவிட்டு நிற்கவே கூடாது. நிறைய பிள்ளைகள் அச்சில் வரி எங்கே முடிகிறதோ அங்கே நிற்பார்கள். அதைத் தடுக்க, வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே கண் அடுத்த வரியின் முதல் சொல்லுக்குப் போயிருக்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டிப் பழக்குங்கள். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

'நீட்டிப் பிடித்தது' என்பதில் நடுவில் இருக்கும் 'ப்' காதில் விழ வேண்டும். அதைத் தனி எழுத்தாகச் சொல்ல முயன்றால் அசிங்கமாக இருக்கும், 'நீட்டிப்பிடித்தது' என்று ஒரே சொல் போலச் சொன்னால் தானாக வந்துவிடும்.

உச்சரிப்பில் எதற்கு நேரம் செலவிடலாம்

ஆங்கில எழுத்து ஒலிகளைப் படித்துவிட்டுத் தமிழுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு தவறு இருக்கிறது, பெற்றோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. 'க' என்றால் எப்போதும் ஒரே ஒலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'கடல்' என்பதில் வருகிற க வேறு, 'தங்கம்' என்பதில் வருவது வேறு, 'மகன்' என்பதில் இன்னும் மெலிந்து வரும். ச-வும் அப்படித்தான்: 'பச்சை', 'மஞ்சள்', 'பசி' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு 'மகன்' என்று சொல்லத் தெரியும், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது 'மக்கன்' என்பது போல அழுத்திவிடும். அப்போது திருத்துவதை விட "இந்தச் சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்கள், தானே சரிசெய்துகொள்ளும். வேற்று மொழிப் பிள்ளைக்கு இந்தச் சொற்களை அட்டையில் எழுதி, ஒரே எழுத்து மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிப்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

ல, ள, ழ மூன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணாவது போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ல சொல்லும்போது நாக்கு மேல் பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தில் படும். ழ-வுக்கும் அதே மாதிரி வளையும், ஆனால் அழுத்திப் படாமல் உரசுகிற தூரத்தில் நின்றுவிடும். கண்ணாடி முன்னால் நின்று 'ள்ள்ள்' என்று இழுத்துச் சொல்லச் சொல்லி, அப்படியே நாக்கைக் கொஞ்சம் கீழே விடச் சொன்னால் ழ வந்துவிடும். பிறகு தலை, தளை, தழை. அலை, அளை, அழை. விலை, விளை, விழை என்று அட்டையில் எழுதி வையுங்கள். பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும், நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு எது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பிள்ளை தப்பா உங்கள் காது தப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரியவர்களே 'பழம்' என்பதைப் 'பளம்' என்றுதான் சொல்கிறோம். அப்போது ழ சரியாக வருகிற ஒருவரைத் தாத்தா பாட்டியிலோ அக்கம்பக்கத்திலோ தேடிப் பிடியுங்கள்.

ர, ற வேறுபாட்டில் பத்து நாளைச் செலவழிக்காதீர்கள். தனியாக வரும்போது இன்றைக்குப் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள், ஆசிரியர்களும் அதில் இளக்கமாகவே இருப்பார்கள். ஆனால் 'காற்று', 'கன்று' இரண்டும் 'காத்து', 'கன்னு' ஆகிவிடக் கூடாது, அது பேச்சுத் தமிழ் உள்ளே நுழைந்ததற்கு அடையாளம்.

அப்புறம் எண்கள். பத்தியில் '1947ஆம் ஆண்டு' என்று இருந்தால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார்கள், என் வகுப்பில் வருடாவருடம் பார்க்கிறேன். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டு' என்று சொல்லப் பழக்குங்கள். தொண்ணூறு 90, தொள்ளாயிரம் 900, ஒன்பதாயிரம் 9000: இந்த மூன்றும் குழப்பும். பிள்ளை பிறந்த ஆண்டு, வீட்டுக் கதவு எண், இன்றைய தேதி ஆகியவற்றைத் தினமும் ஒரு தடவை தமிழில் சொல்லச் சொன்னால் போதும், வேறு பயிற்சி வேண்டாம்.

ஒப்புவித்தல்: ஒரு குறளை எடுத்துக்கொள்வோம்

இந்த வகுப்புகளில் அடிக்கடி வரும் குறள் ஒன்று:

இனிய உளவாக இன்னாத கூறல்
கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று

குறளில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று சீர். புத்தகத்தில் சீர் பிரித்துத்தான் அச்சடித்திருப்பார்கள். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. 'காய்கவர்ந்' ஒரு சீர், 'தற்று' ஒரு சீர். பிள்ளை 'தற்று' என்பதை ஒரு தனிச் சொல் என்று நினைத்துக்கொண்டு, 'காய்கவர்ந்' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'தற்று' என்று சொல்லும். உண்மையில் அது 'கவர்ந்து அற்று', அதாவது காயைப் பறித்துத் தின்றது போல. 'அற்று' என்றால் 'அதைப் போன்றது' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அந்த இடத்தில் நிற்காது.

அதனால் மனப்பாடம் செய்வதற்கு முன்னால் பொருளைச் சொல்லுங்கள். பொருள் விளக்கம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வேண்டாம். "கையில் பழுத்த மாம்பழம் இருக்கு, அதை வச்சுட்டு யாராவது துவர்க்கிற பிஞ்சைக் கடிப்பாங்களா? நல்ல வார்த்தை இருக்கும்போது கெட்ட வார்த்தை பேசுறதும் அப்படித்தான்." இவ்வளவுதான். பிறகு இரண்டாம் அடியை முதலில் மனப்பாடம் செய்யட்டும், அது நன்றாக வந்த பிறகு முதல் அடி. காரணம் எளிது: எல்லாரும் முதல் அடியைத்தான் நூறு தடவை சொல்கிறோம், ஆசிரியர் முன்னால் நிற்கும்போது மறந்துபோவது எப்போதும் இரண்டாம் அடிதான். அதிலும் குறிப்பாக முதல் அடி முடிந்து இரண்டாம் அடி தொடங்குகிற அந்த மூட்டில்தான் அறுந்துபோகும். அதனால் 'கூறல் கனி, கூறல் கனி' என்று அந்த மூட்டை மட்டும் தனியாக ஐந்தாறு தடவை சொல்ல வையுங்கள். அப்புறம் முழுக்குறள்.

சொல்லும்போது முதல் அடி ஒரு மூச்சு, சின்ன நிறுத்தம், இரண்டாம் அடி ஒரு மூச்சு. 'இனிய' என்பதில் ஒற்றை ன, 'இன்னாத' என்பதில் இரட்டை. வேகமாகச் சொல்கிற பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வேகத்துக்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை, ஆனால் வேகமாகச் சொன்னால்தான் மறக்காது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். மெதுவாகச் சொல்லும்போது மறந்துவிடுகிறது என்றால் குறள் இன்னும் மனத்தில் நிற்கவில்லை, நாக்கில் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். இதைச் சோதிக்க ஒரு வழி: பாத்திரம் துலக்கும்போதோ காய் நறுக்கும்போதோ திடீரென்று நீங்கள் 'கனிஇருப்பக்' என்று தொடங்கிவிட்டு நிறுத்துங்கள். அங்கிருந்து பிள்ளை முடித்துவிட்டு, முதல் அடிக்கும் போக முடிந்தால் சரி.

ஆசிரியர் குறளைக் கேட்டுவிட்டுச் சும்மா விடமாட்டார். அதிகாரம் என்ன என்று கேட்பார்: இனியவை கூறல். 'இன்னாத' என்றால் என்ன, எதற்கு எதை உவமை சொல்கிறார் என்றும் கேட்கலாம். இனிய சொல்லுக்குக் கனி, இன்னாத சொல்லுக்குக் காய் என்ற அந்த இணை மட்டும் பிள்ளைக்குத் தெளிவாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லிவிடும்.

நீளமான செய்யுள் வந்தால், ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பழகுங்கள், கடைசி மூன்று நாள் அந்தத் தாளும் வேண்டாம்.

உடனடிக் கேள்விகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதில்தான் பத்து நாளில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வரும். கேள்வி எளிதாக இருக்கும், ஆனால் பதில் முழு வாக்கியமாக, எழுத்துத் தமிழில், ஒரு சில நொடிகளுக்குள் வர வேண்டும். "கொக்கு எங்கே அமர்ந்தது?" என்று கேட்டால் "மரத்துல" என்று சொல்கிற பிள்ளைக்குப் பதில் தெரியும், ஆனால் பாதி மதிப்பெண்தான்.

இதற்கு ஒரே ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தால் போதும். கேள்வியை அப்படியே திருப்பிச் சொல், கேள்விச்சொல் இருக்கிற இடத்தில் மட்டும் பதிலை வை, கேள்விச்சொல்லுக்கு என்ன வால் இருக்கிறதோ அதே வாலைப் பதிலுக்கும் போடு. கொக்கு *எங்கே* அமர்ந்தது? கொக்கு *கிளையில்* அமர்ந்தது. கொக்கு *எதைப்* பார்த்துக்கொண்டிருந்தது? கொக்கு *நீரைப்* பார்த்துக்கொண்டிருந்தது. எதை என்று 'ஐ' இருந்தால் நீரை என்று 'ஐ' வரும், யாருக்கு என்று 'கு' இருந்தால் தம்பிக்கு என்று 'கு' வரும். வினைச்சொல்லைப் பிள்ளை புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை, ஆசிரியரே கொடுத்துவிட்டார். 'கொக்கு' என்று தொடங்கிவிட்டால் யோசிக்க ஒரு நொடியும் கிடைத்துவிடும். 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டும் தனியாகப் பழக வேண்டும்: "கொக்கு ஏன் அசையாமல் இருந்தது?" "மீன் பிடிப்பதற்காகக் கொக்கு அசையாமல் இருந்தது." 'அதற்காக' என்று முடிகிற மாதிரி ஏழெட்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

இந்த வித்தை உதவாத இடம், பிள்ளையைப் பற்றிய கேள்விகள். "உன் அம்மா என்ன செய்கிறார்?" என்றால் 'உன்' என்பது 'என்' ஆக வேண்டும், "நீ எப்படிப் பள்ளிக்கு வருகிறாய்?" என்றால் 'வருகிறாய்' என்பது 'வருகிறேன்' ஆக வேண்டும். பதற்றத்தில் "நான் பள்ளிக்கு வருகிறாய்" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீடு, குடும்பம், பள்ளி, பிடித்த உணவு, விளையாட்டு என்று ஒரு பதினைந்து கேள்விகள் தேறும், அவற்றை முன்கூட்டியே சொல்லிப் பழகிவிடலாம்.

வினைமுற்றில் வழுக்கும் இடங்கள் மூன்று. அம்மா, அப்பா, ஆசிரியர் என்றால் 'சமைக்கிறாங்க' என்பது எழுத்துத் தமிழில் 'சமைக்கிறார்'. ஒன்றுக்கு மேற்பட்ட பறவை, விலங்கு, பொருள் என்றால் 'வந்தன', 'இருக்கின்றன'. பேச்சில் 'மீனெல்லாம் வந்துச்சு' என்று ஒருமையில்தான் சொல்கிறோம், 'வந்தன' என்ற சொல்லே பேச்சில் கிடையாது. அதனால் இதைக் காது சொல்லித் தராது, புத்தகத்தைப் பார்த்துத்தான் பழக வேண்டும். மேல் மாடிப் பையனுக்கு நான் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரு பொருளைக் காட்டுவேன். "செருப்புகள்?" என்றால் "செருப்புகள் கிடக்கின்றன" என்று சொல்ல வேண்டும். "காகங்கள்?" "காகங்கள் பறக்கின்றன." நாலாவது நாளிலிருந்து தப்பவே இல்லை. மூன்றாவது, 'பிடிக்கும்'. ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை "நான் மாம்பழம் பிடிக்கும்" என்று சொல்லும். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்", "எனக்கு நீந்தத் தெரியும்", "எனக்குப் பசிக்கிறது", "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்று 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வேற்று மொழிப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது தேவை.

ஆங்கிலச் சொற்களை எல்லாம் களைய முடியாது, களையவும் வேண்டாம். அந்தப் பதினைந்து கேள்விகளின் பதில்களில் வரக்கூடியவற்றை மட்டும் மாற்றுங்கள்: பேருந்து, மிதிவண்டி, தொலைக்காட்சி, கைப்பேசி, மருத்துவர், மட்டைப்பந்து, வகுப்பறை. அப்பா செய்கிற வேலைக்குத் தமிழில் என்ன என்று இன்றே கண்டுபிடித்து வையுங்கள், அந்தக் கேள்வி நிச்சயம் வரும். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லத் தெரியாமல் விழித்த பிள்ளைகள் ஏராளம்.

எதிர்ச்சொல், பன்மை, பிரித்துச் சொல்வது போன்றவையும் வரும். அவை பாடப்புத்தகத்தின் பயிற்சியிலேயே இருக்கின்றன, அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

கேள்வி புரியவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தலையைக் குனிந்து நிற்பார்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் கேட்பார்கள். "மன்னிக்கவும் அம்மா, கேள்வியை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று தமிழில் கேட்டால் எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார், நான் குறைத்ததில்லை. வகுப்பில் மிஸ், சார் என்று கூப்பிட்டாலும் தேர்வில் அம்மா, ஐயா என்பது நல்லது.

பத்து நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் பதிவு. இரண்டிலிருந்து ஐந்து வரை வாசிப்பும் குறளும், தினம் பாதி பாதி. ஆறிலிருந்து எட்டு வரை கேள்விகள்தான் முக்கியம், வாசிப்பு ஒரு தடவை போதும். ஒன்பதாம் நாள் முழுத் தேர்வு போல நடத்துங்கள்: பிள்ளை கதவுக்கு வெளியே நின்று உள்ளே வரட்டும், வணக்கம் சொல்லட்டும், நின்றுகொண்டே வாசிக்கட்டும். உட்கார்ந்து நன்றாக வாசிக்கிற பிள்ளை நின்றால் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து வாயை மறைத்துக்கொள்ளும், குரல் புத்தகத்துக்குள்ளேயே போய்விடும். மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா அப்பா இல்லாமல் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. நடுவில் திருத்தாமல், தவறுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, முடிந்ததும் மூன்றை மட்டும் சொல்லுங்கள், மூன்றுக்கு மேல் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது. பத்தாம் நாள் முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு அதே பத்தியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். புதிதாக எதையும் அன்று தொடாதீர்கள்.

தேர்வு அன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், மறப்பதற்குள் ஆசிரியர் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேல் மாடிப் பையனிடம் நான் கேட்டபோது ஆறு கேள்வி சொன்னான், அதில் நான்கு நாங்கள் பழகிய பதினைந்தில் இருந்தவை. ஒன்று, "உங்கள் வீட்டு மாடியில் என்னென்ன பறவைகள் வருகின்றன?" என்பது. "காகங்களும் புறாக்களும் வருகின்றன" என்று சொன்னானாம். விடைதெரியாமல் நின்ற ஆறாவது கேள்வி 'நண்பகல்' என்ற சொல்லைப் பிரிப்பது, அது பாடப்புத்தகத்தின் பயிற்சியிலேயே இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. அடுத்த பருவத்துக்கான நோட்டில் அதுதான் முதல் வரி.